அப்ரைசல் சம்மரி: போட்ட ரேட்டிங்குக்கு உதாரணம் காட்டி எழுதுவது

"என் டீமில் ஆறு பேர். வருட இறுதி அப்ரைசலுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு சம்மரி எழுத வேண்டும். போன வருடம் ஒருவருக்கு 'மிகச் சிறப்பாக வேலை செய்தார், பொறுப்பானவர், நல்ல டீம் பிளேயர்' என்று எழுதி 5-க்கு 4 போட்டேன். ஆதாரம் இல்லை என்று ஹெச்.ஆர். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் நிஜமாகவே நன்றாக வேலை செய்பவர்தான். உதாரணம் காட்டி எழுதுவது எப்படி?"

ஏதோ ஓர் உதாரணத்தைச் சேர்த்துவிட்டால் ஹெச்.ஆர். ஒருவேளை விட்டுவிடுவார்கள். ஆனால் நீங்கள் காட்டும் உதாரணம் 3-க்கும் 4-க்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காட்டினால்தான் அது ஆதாரம். "ஒரு நாள் இரவு பத்து மணி வரை இருந்து வேலையை முடித்துக் கொடுத்தார்" என்பதும் உதாரணம்தான். ஆனால் 3 வாங்கியவரும் அதைச் செய்திருப்பார். அந்த வரியைப் படிப்பவருக்கு இவர் ஏன் 4 என்பது விளங்காது. அதனால் சம்மரி எழுதும் வேலையை ரேட்டிங் படிவத்தின் விளக்கப் பக்கத்தில் தொடங்குங்கள். பாராட்டு வார்த்தைகள் கடைசியில் தேவைப்பட்டால் வரட்டும்.

பெரும்பாலான 5 படி அளவுகோல்களில் 3 என்றால் "எதிர்பார்ப்பை முழுமையாக நிறைவேற்றினார்", 4 என்றால் "எதிர்பார்ப்பைத் தாண்டினார்" என்று இருக்கும். உங்கள் நிறுவனத்தின் சரியான வாசகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த வேலைக்கு, அந்தப் படிநிலையில் இருப்பவர் 3 வாங்க என்ன செய்ய வேண்டும் என்று இரண்டே வரியில் நீங்களே எழுதுங்கள். எல்லோரும் தவிர்க்கிற வேலை இதுதான். எழுத உட்கார்ந்தால்தான் எதிர்பார்ப்பு என்ன என்பது நமக்கே தெளிவாக இல்லை என்று தெரியவரும். அந்த இரண்டு வரி இல்லாமல் "தாண்டினார்" என்று சொல்ல முடியாது; எதைத் தாண்டினார் என்று கேட்டால் பதில் இருக்காது. படிநிலை மாறினால் வரிகளும் மாறும். சேர்ந்து ஒரு வருடம் ஆனவர் தானாக ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்துத் தீர்த்தால் அது எதிர்பார்ப்பைத் தாண்டியது. அதே காரியம் எட்டு வருட அனுபவம் உள்ள சீனியருக்கு அன்றாட வேலையாக இருக்கலாம்.

அடுத்தது ஆதாரம் சேர்ப்பது. இதற்கு நினைவை நம்ப வேண்டாம். டிசம்பரில் உட்கார்ந்து யோசித்தால் நவம்பரும் டிசம்பரும்தான் முன்னால் வந்து நிற்கும். ஜனவரியில் ஒருவர் செய்த பெரிய வேலை மங்கிப்போயிருக்கும், போன வாரம் இன்னொருவர் செய்த சிறு தவறு பெரிதாகத் தெரியும். காலண்டரைத் திறந்து ஜனவரியிலிருந்து வாருங்கள். ஒவ்வொரு காலாண்டிலும் என்னென்ன பெரிய வேலைகள் நடந்தன, இவர் எதில் இருந்தார் என்று குறித்துக்கொண்டு, அந்தக் காலத்து மெயில்கள், டிக்கெட் பதிவுகள், ஒன்-ஆன்-ஒன் குறிப்புகள், அரையாண்டு ரிவ்யூ ஆகியவற்றைப் பாருங்கள். அவர் எழுதிக் கொடுத்த சுய மதிப்பீட்டையும் படியுங்கள். ஆனால் உங்கள் பட்டியலை முடித்த பிறகு படியுங்கள். முதலிலேயே படித்தால், தன்னைப் பற்றி நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு நல்ல சம்மரியும் எழுதத் தெரியாதவருக்குச் சுமாரான சம்மரியும் கிடைத்துவிடும். காலாண்டுக்கு இரண்டு நிகழ்வுகளாவது கையில் இருக்க வேண்டும். ஒரு காலாண்டு காலியாக இருந்தால், அவர் அப்போது சும்மா இருந்தார் என்று பொருளல்ல. நீங்கள் அப்போது வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் காலத்தில் அவரோடு வேலை செய்தவர்களிடம் கேளுங்கள்.

நிகழ்வு என்று நான் சொல்வதற்கு ஒரு வடிவம் உண்டு. எப்போது, என்ன சூழ்நிலை, அவர் என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று ஆகிய நான்கும் இருக்க வேண்டும். 1954-இல் ஜான் ஃபிளானகன் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்த முறையை விரிவாக வகுத்துக் கொடுத்தது. ஒருவரின் வேலையை மதிப்பிட, அவர் குணத்தைப் பற்றிய அபிப்பிராயத்தைக் கேட்காமல், வேலை நன்றாக நடந்த அல்லது கெட்டுப்போன தருணங்களில் அவர் செய்ததைப் பதிவு செய்யுங்கள் என்பது அதன் சாரம். இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நல்லதை மட்டும் சேர்த்தால் சம்மரி விளம்பரமாகிவிடும்.

சரி, உங்களுடைய "மிகச் சிறப்பாக வேலை செய்தார், பொறுப்பானவர், நல்ல டீம் பிளேயர்" என்ற வரியையே எடுத்துக்கொண்டு ஒரு முறை முழுதாகச் செய்து பார்ப்போம். உங்கள் டீம் என்ன வேலை செய்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. ஒரு மென்பொருளின் வாடிக்கையாளர் சேவைக் குழு என்று வைத்துக்கொள்கிறேன். விவரங்கள் எல்லாம் கற்பனை, வழிமுறையைத்தான் பார்க்க வேண்டும்.

இவருடைய படிவத்தில் நான்கு தலைப்புகள் என்போம். வாடிக்கையாளர் புகார் டிக்கெட்டுகளைக் குறித்த நேரத்தில் முடிப்பது, பிரச்சினைகளை அலசித் தீர்ப்பது, புதியவர்களுக்குப் பயிற்சி, வாராந்திர ரிப்போர்ட். வருடத் தொடக்கத்தில் எழுதிக்கொண்ட இலக்குகளின்படி 3 வாங்க என்ன வேண்டும்? 90 சதவீத டிக்கெட்டுகளை இரண்டு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். தனக்கு வரும் புகாரின் காரணத்தைக் கண்டறிந்து, தன்னால் முடியாததைச் சரியான விவரங்களோடு மேலே அனுப்ப வேண்டும். இரண்டு புதியவர்களைத் தனியாக டிக்கெட் எடுக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரிப்போர்ட் அனுப்ப வேண்டும்.

இப்போது "பொறுப்பானவர்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, எதைப் பார்த்து அப்படி நினைத்தீர்கள் என்று உங்களையே கேளுங்கள். ஏப்ரல் மாதம் நினைவுக்கு வருகிறது. பில் தொகை தவறாக வருகிறது என்ற புகார் மாதத்துக்கு 40 அளவில் வந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் வந்த டிக்கெட்டைத் திருத்தி மூடிக்கொண்டிருந்தார்கள், அதுதான் அவர்களுடைய வேலை. இவர் அந்தப் புகார்களை ஒரே ஷீட்டில் போட்டுப் பார்த்து, எல்லாமே தள்ளுபடியைச் சேர்க்கும் திரையிலிருந்து வருவதைக் கண்டார். பிழையைத் திரும்பவும் வரவழைக்கும் படிகளை எழுதி டெவலப்மென்ட் டீமுக்குக் கொடுத்தார். மே மாதம் அவர்கள் சரிசெய்தார்கள். ஜூன் முதல் அந்தப் புகார் எந்த மாதமும் 6-ஐத் தாண்டவில்லை.

இந்த நிகழ்வு 3-ஐத் தாண்டுகிறதா? 3-க்கான வரி "தனக்கு வரும் புகாரின் காரணத்தை" என்கிறது. இவர் தனக்கு வராத புகார்களையும் சேர்த்துப் பார்த்தார், யாரும் சொல்லாமல் செய்தார், விளைவு ஏழு மாதம் நிலைத்தது. தாண்டுகிறது. ஆனால் இந்த இடத்தில் ஒரு கவனம் தேவை. "பில் புகார்களை 40-லிருந்து 6-ஆகக் குறைத்தார்" என்று எழுதிவிடாதீர்கள். நிரலைத் திருத்தியது டெவலப்மென்ட் டீம். மேனேஜர்கள் சேர்ந்து உட்கார்ந்து ரேட்டிங்குகளை ஒப்பிட்டுப் பார்க்கும் காலிப்ரேஷன் கூட்டத்தில் அந்த டீமின் மேனேஜரும் இருப்பார். "அதை எங்கள் ஆள்தானே சரிசெய்தார்" என்று அவர் சொன்னால், நல்ல ஆதாரம் ஒன்று ஒரு வரியின் மிகைப்பாட்டால் கெட்டுப்போகும். இவர் செய்தது கண்டுபிடித்ததும் எழுதிக் கொடுத்ததும். அதை அப்படியே எழுதினால் குறைவாகத் தெரியாது, உறுதியாகத் தெரியும்.

ஒரு நிகழ்வு தற்செயலாகவும் இருக்கலாம். வருடத்தின் வேறொரு பகுதியிலிருந்து இரண்டாவது ஒன்று கிடைத்தால்தான் அது அவர் வேலை செய்யும் விதம் என்று சொல்ல முடியும். தேடிப் பார்த்தால் அக்டோபரில் ஒன்று இருக்கிறது. புதிய வெர்ஷன் வெளியாவதற்கு முன், பழைய புகார்களின் பட்டியலை வைத்துக்கொண்டு தானாகவே சோதித்துப் பார்த்து இரண்டு பிழைகளைச் சொன்னார். வெளியீட்டுக்கு முன்பே அவை திருத்தப்பட்டன. இந்தத் தலைப்புக்கு 4 என்று தயங்காமல் போடலாம்.

அடுத்து டிக்கெட். இவர் 93 சதவீதம் முடித்திருக்கிறார். இலக்கு 90. அதனால் 4 என்று பல மேனேஜர்கள் போட்டுவிடுவார்கள். டீமின் சராசரி எவ்வளவு என்று பாருங்கள். அதுவும் 92 என்றால் இந்த 93 எதையும் தனியாகக் காட்டவில்லை. இலக்கு எளிதாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அதே 93-ஐ, மற்றவர்கள் எடுக்கத் தயங்கிய கடினமான டிக்கெட்டுகளை எடுத்தும் எட்டியிருந்தால் கதை வேறு. அப்படிப் பதிவில் எதுவும் இல்லை என்றால் 3. எண் இருப்பதாலேயே அது ஆதாரம் ஆகிவிடாது. எதோடு ஒப்பிட்டால் அந்த எண் பேசும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பயிற்சி கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் "நல்ல டீம் பிளேயர்" என்ற எண்ணம் உங்களுக்கு இங்கிருந்துதான் வந்திருக்கும். இரண்டு புதியவர்களும் எட்டு வாரத்தில் தனியாக டிக்கெட் எடுக்கத் தொடங்கினார்கள். நல்ல வேலைதான். ஆனால் அதுவே அவருடைய இலக்கு. இலக்கை முழுதாக எட்டினால் 3. 3 என்பதை ஏதோ குறை சொல்வதுபோல மேனேஜர்கள் பயந்து எழுதுவதால்தான் எல்லோருக்கும் 4 போய்ச் சேருகிறது. அப்புறம் நிஜமான 4-க்கு மரியாதை இல்லாமல் போகிறது. 3-க்கும் உதாரணம் எழுதுங்கள். தன் உழைப்பு கவனிக்கப்பட்டது என்று அவருக்குத் தெரிவது அதில்தான்.

கடைசியாக ரிப்போர்ட். ஜூலை முதல் செப்டம்பர் வரை 13 வாரங்களில் 5 வாரம் ரிப்போர்ட் தாமதம். செப்டம்பர் கடைசியில் நீங்கள் ஒன்-ஆன்-ஒன்னில் சொன்னீர்கள், அக்டோபரிலிருந்து எல்லாமே வெள்ளிக்கிழமையே வந்தன. இதை விட்டுவிடலாம் என்று தோன்றும், நல்ல ஆள்தானே என்று. விடாதீர்கள். சொல்லி, திருத்திக்கொண்டு, மூன்று மாதம் நிலைத்திருப்பதால் நான் 3 போடுவேன். சொல்லியும் மாறாமல் இருந்திருந்தால் 2. தாமதமானதையும் திருத்திக்கொண்டதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இப்போது மொத்த ரேட்டிங். படிவத்தில் பிரச்சினை தீர்ப்பதற்கு 40, டிக்கெட்டுக்கு 30, பயிற்சிக்கு 20, ரிப்போர்ட்டுக்கு 10 சதவீதம் என்று எடை இருக்கிறது என்போம். கணக்குப் போட்டால் 3.4 வருகிறது. முழு எண்ணில்தான் போட வேண்டும் என்றால் 3. போன வருடம் 4 போட்டீர்கள் என்று சொன்னீர்கள். உங்கள் ஆளுக்கும் இப்படியே வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "நன்றாக வேலை செய்பவர்" என்ற மொத்த எண்ணத்தைத் தலைப்புவாரியாகப் பிரித்து ஆதாரத்தோடு வைத்தால், பல நேரம் இப்படித்தான் வரும்: ஒரு தலைப்பில் தெளிவான 4, மற்றவற்றில் உறுதியான 3. ஒரு நல்ல குணம் மற்ற எல்லாத் தலைப்புகளிலும் வெளிச்சம் அடிப்பது பழைய விஷயம். 1920-இல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் ராணுவத்தில் அதிகாரிகள் தங்கள் கீழிருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தபோது, உடல்தோற்றம், அறிவு, தலைமைப்பண்பு, குணநலன் என்று சம்பந்தமில்லாத தலைப்புகளின் மதிப்பெண்களெல்லாம் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றையொன்று ஒட்டியே ஏறி இறங்குவதைக் கண்டார். உங்கள் படிவத்திலும் ஒருவருக்கு எல்லாத் தலைப்பிலும் ஒரே எண் வந்திருந்தால், ஒவ்வொன்றையும் தனியாகத் திரும்பப் பாருங்கள். ஆறு பேர் இருப்பதால், ஒருவரை முழுதாக முடித்துவிட்டு அடுத்தவரை எடுக்காமல், ஒரு தலைப்பை எடுத்து ஆறு பேருக்கும் போட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குப் போவது நல்லது. அப்போது நீங்கள் ஒப்பிடுவது ஆளை ஆளோடு என்று இல்லாமல், வேலையை வேலையோடு என்று ஆகும்.

எழுதி முடித்த சம்மரி இப்படி இருக்கலாம்:

"இந்த ஆண்டு இவருடைய முக்கியப் பங்களிப்பு, திரும்பத் திரும்ப வந்த புகார்களின் மூலத்தைக் கண்டறிந்தது. ஏப்ரலில் பில் தொகைப் புகார்கள் மாதம் 40 அளவில் வந்தபோது, மற்றவர்களுக்கு வந்தவற்றையும் தானாகத் தொகுத்துப் பார்த்து, தள்ளுபடித் திரையே காரணம் என்று காட்டினார். பிழையை வரவழைக்கும் படிகளையும் எழுதிக் கொடுத்தார். டெவலப்மென்ட் டீம் மே மாதம் திருத்தியது. ஜூன் முதல் இந்தப் புகார் எந்த மாதமும் 6-ஐத் தாண்டவில்லை. அக்டோபரில் புதிய வெர்ஷனைப் பழைய புகார்ப் பட்டியலை வைத்துச் சோதித்து, இரண்டு பிழைகளை வெளியீட்டுக்கு முன்பே தெரிவித்தார். தன் டிக்கெட்டுகளோடு நிற்காமல் இரு முறை இப்படிச் செய்ததால் இந்தத் தலைப்பில் 4. டிக்கெட்டுகளில் 93 சதவீதத்தைக் குறித்த நேரத்தில் முடித்தார். இலக்கு 90, டீம் சராசரி 92. பயிற்சி கொடுத்த இரண்டு புதியவர்களும் எட்டு வாரத்தில் தனியாக டிக்கெட் எடுக்கத் தொடங்கினார்கள். இரண்டிலும் இலக்கை முழுமையாக நிறைவேற்றினார். வாராந்திர ரிப்போர்ட் ஜூலை–செப்டம்பரில் 5 முறை தாமதமானது. செப்டம்பர் இறுதியில் பேசிய பிறகு ஒரு முறையும் தாமதமாகவில்லை. மொத்த ரேட்டிங் 3. அடுத்த ஆண்டு, புகார்களைத் தொகுத்துப் பார்க்கும் வேலையை மாதம் ஒரு முறை டீமுக்காகச் செய்வதும், அதை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுப்பதும் இவருடைய இலக்குகளில் சேரும்."

ஒரு பாராட்டுச் சொல்கூட இல்லை, ஆனாலும் படிப்பவருக்கு இவர் எப்படிப்பட்ட ஊழியர் என்று தெரிகிறது. இதில் எந்த வாக்கியத்தையும் டீமில் வேறொருவருடைய பெயருக்குக் கீழே வைக்க முடியாது. அந்தச் சோதனையை உங்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் செய்யுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் அப்படியே பொருந்துகிற வாக்கியம் என்றால் அதை எடுத்துவிடலாம், அல்லது அதற்குக் கீழே இருக்கும் நிகழ்வைத் தேடிப் போகலாம்.

சில வகை உதாரணங்கள் பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் ஏமாற்றும். அதில் முதலாவது, நெருக்கடியில் காப்பாற்றியவர் கதை. சர்வர் விழுந்த இரவில் ஓடிவந்து சரிசெய்தவர் எல்லோருக்கும் நினைவிருப்பார். தன் பகுதியில் அப்படி எதுவும் விழாமல் பார்த்துக்கொண்டவருக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்காது. அப்படிப்பட்டவருக்கு ஆதாரம் தேட வேண்டிய இடம் வேறு: அவர் பொறுப்பிலிருந்த பகுதியில் போன வருடம் எத்தனை தடங்கல், இந்த வருடம் எத்தனை, நடுவில் அவர் எதை மாற்றினார். நெருக்கடியில் காப்பாற்றியவரின் கதையிலும் அந்த நெருக்கடி எப்படி வந்தது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். சில நேரம் அவரே விட்டுவைத்த வேலையாலும் வந்திருக்கும்.

இரண்டாவது, குணத்தை உதாரணம்போல எழுதுவது. "எல்லோரிடமும் இனிமையாகப் பழகுவார்", "அமைதியானவர்", "டீமுக்கு உற்சாகம் தருபவர்" என்பவை வேலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இதில் ஒரு அநியாயமும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஷெல்லி கோரலும் கரோலின் சிமார்டும் 2016-இல் எழுதியபடி, அவர்கள் பார்த்த மதிப்பீடுகளில் பெண்களுக்கு இப்படிப்பட்ட பொத்தாம்பொதுவான பாராட்டு அதிகம் கிடைத்தது. ஆண்களுக்கு எழுதப்பட்டவை வேலையின் விளைவுகளோடு அதிகம் இணைந்திருந்தன. பதவி உயர்வுக்குப் பெயர்களை எடுக்கும்போது விளைவு எழுதப்பட்ட தாள்தான் கைகொடுக்கும். ஆறு சம்மரிகளையும் முடித்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாருக்கு நிகழ்வுகள் எழுதியிருக்கிறீர்கள், யாருக்குக் குணங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நீளத்தையும் பாருங்கள். ஒருவருக்கு இருபது வரியும் இன்னொருவருக்கு ஐந்து வரியும் இருந்தால், ஐந்து வரிக்காரரின் வேலையை நீங்கள் அருகிலிருந்து பார்க்கவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

"எப்போதும்", "ஒருபோதும்" ஆகிய இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும், அந்த வரி விழுந்துவிடும். அதோடு பேச்சும் அந்த எதிர் உதாரணத்தைப் பற்றியதாக மாறிவிடும்.

குறைந்த ரேட்டிங் எழுதும்போது விதிகள் இன்னும் கண்டிப்பானவை, ஏனென்றால் அங்கே ஒருவருடைய சம்பள உயர்வும் சில நேரம் வேலையும் தொங்குகின்றன. "அக்கறை இல்லை", "மெத்தனமாக இருக்கிறார்" என்று எழுதுவது அவர் மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஊகிப்பது. உங்களால் பார்க்க முடிந்தது தேதியும் செயலும்தான். என்ன எதிர்பார்க்கப்பட்டது, என்ன நடந்தது, எப்போது அவரிடம் சொல்லப்பட்டது, சொன்ன பிறகு என்ன மாறியது அல்லது மாறவில்லை என்ற வரிசையில் எழுதுங்கள். மூன்றாவது விவரம், அதாவது சொன்ன தேதி, உங்களிடம் இல்லை என்றால் அந்தக் குறையை வைத்து ரேட்டிங்கைக் குறைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வருடம் முழுவதும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு டிசம்பரில் தாளில் எழுதினால், திருத்திக்கொள்ள அவருக்கு இருந்த மாதங்களை நாமே எடுத்துக்கொண்டோம் என்று ஆகிறது. அதை இப்போது நேரில் சொல்லி, அடுத்த ஆண்டுக்கான எதிர்பார்ப்பாக எழுதலாம். பிரசவ விடுப்பிலோ மருத்துவ விடுப்பிலோ இருந்தவருக்கு, அவர் வேலை பார்த்த மாதங்களுக்கு மட்டும் இலக்கைக் கணக்கிடுங்கள். விடுப்பைக் குறையாகக் காட்டும் எந்த வரியும் சம்மரியில் இருக்கக் கூடாது.

இதன் மறுபக்கம், வார்த்தைகளும் எண்ணும் ஒத்துப்போகாமல் இருப்பது. மேனேஜர் மனம் நோகக் கூடாது என்று பத்து வரி பாராட்டிவிட்டு 2 போடுவார். படிப்பவருக்கு இது அநியாயமாகப் படும். முறையீடு வந்தால் அந்தப் பத்து வரியே மேனேஜருக்கு எதிரான ஆதாரம். உங்கள் சம்மரி இதில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. ரேட்டிங் எண்களை மட்டும் எடுத்துவிட்டு, அந்தத் தாளைப் படிக்க அனுமதி உள்ள ஒருவரிடம், அதாவது உங்கள் மேனேஜரிடமோ ஹெச்.ஆர். பொறுப்பாளரிடமோ கொடுத்து, ரேட்டிங் விளக்கப் பக்கத்தைப் பார்த்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் போட்ட எண்ணையே சொன்னால் தாள் தயார். நீங்கள் 4 போட்டிருக்க அவர் 3 என்று சொன்னால், வார்த்தைகளை ஏற்றாதீர்கள். ஒன்று, உங்களுக்குத் தெரிந்த ஒரு நிகழ்வு தாளில் வராமல் இருக்கிறது, அதைச் சேருங்கள். அல்லது அந்த நிகழ்வு இல்லவே இல்லை. அப்போது மாற வேண்டியது எண்.

காலிப்ரேஷன் கூட்டத்திலும் நடப்பது கிட்டத்தட்ட இதேதான். மற்ற மேனேஜர்கள் உங்கள் ஆளைத் தங்கள் ஆட்களோடு ஒப்பிட்டு, "இது அவருடைய வேலைக்குள் வருவதுதானே?", "அவர் தனியாகச் செய்ததா?", "ஒரு முறை நடந்ததா, திரும்ப நடந்ததா?" என்று கேட்பார்கள். மேலே உள்ள சம்மரி இந்த மூன்று கேள்விகளுக்கும் வரிக்குள்ளேயே பதில் வைத்திருக்கிறது. அதற்கு மேல் நீளம் தேவையில்லை. பத்து நிகழ்வுகளைக் குவித்தால் வலுவான இரண்டும் பலவீனமான எட்டுக்குள் ஒளிந்துகொள்ளும், கூட்டத்தில் பேச்சு பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகும். ரேட்டிங்கை மாற்றக்கூடிய நிகழ்வுகள் மட்டும் சம்மரியில் இருக்கட்டும், மற்றவை உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும்.

நேரம் எவ்வளவு ஆகும் என்று கேட்பீர்கள். காலண்டரையும் மெயிலையும் புரட்டுவது உட்பட ஒருவருக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அதில் எழுதுவது கடைசி அரை மணி நேரம்தான். ஆறு பேரையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம், ஐந்தாவது ஆளுக்கு வரும்போது எல்லோருக்கும் ஒரே வார்த்தைகள் வரத் தொடங்கிவிடும். அடுத்த வருடத்துக்கு இந்தத் தேடலைக் குறைக்க, ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபைல் திறந்து, வெள்ளிக்கிழமை மாலை தேதியோடு இரண்டு வரி எழுதி வையுங்கள். எழுத ஒன்றும் இல்லாத வாரங்கள் வரும், விட்டுவிடலாம். ஒருவர் பெயரில் இரண்டு மாதம் தொடர்ந்து ஒன்றும் இல்லை என்றால் அடுத்த ஒன்-ஆன்-ஒன்னில், இந்த வாரங்களில் என்ன வேலை ஓடியது, எதில் சிக்கல் வந்தது, அதை எப்படிக் கையாண்டீர்கள் என்று அவரிடமே கேட்டு, அவர் சொல்வதை அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.